வேலையை விடச் சொல்கிறார் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 32 வயது, கணவருக்கு 47. தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடித்துவிட்டுத் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். மூன்று வருடமாகிறது, குழந்தை இல்லை. இருவருக்கும் தனியார் கம்பெனி வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்பது மணிக்கே அசந்து தூங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வெளியே கூப்பிட்டால், "வயசாச்சும்மா, நீ பிரெண்ட்ஸோட போயிட்டு வா" என்பார். மாமியாருக்கு 76. போன மாதம் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனது. "என் சம்பளமே போதும், நீ வேலையை விட்டுட்டு அம்மாவைப் பாத்துக்கோ" என்கிறார். நாத்தனார் பெருந்துறையில்தான் இருக்கிறார், வந்து பார்த்துவிட்டுப் போகிறார். என் அம்மாவும் விடு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சுயநலமாக யோசிக்கிறேனா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

வேலையை விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

"என் சம்பளமே போதும்" என்று அவர் சொல்வது இன்றைக்கு உண்மை. ஒரு தாளை எடுத்து இரண்டு பேர் வயதையும் வருடம் போட்டு எழுதிக்கொண்டே போங்கள். அடுத்த வருடமே குழந்தை பிறந்தாலும் அப்போது அவருக்கு 48, உங்களுக்கு 33. தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் 58 வயதில் ஓய்வு. அன்று பிள்ளைக்குப் பத்து வயது. அது 21 வயதில் டிகிரி முடிக்கும்போது அவருக்கு 69, உங்களுக்கு 54. செலவு அதிகமான அந்தப் பதினோரு வருடமும் குடும்பம் உங்கள் சம்பளத்தில்தான் ஓடும். இப்போது விட்டுவிட்டு 43 வயதில் திரும்பப் போனால் இன்றைய சம்பளம்கூடக் கிடைப்பது சந்தேகம்.

பி.எஃப். பென்ஷன் வருமே என்பார்கள். கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுக்காதவர்களுக்கு, எத்தனை லட்சம் சம்பளம் வாங்கினாலும் பென்ஷன் கணக்குக்கு எடுப்பது அதில் 15,000 ரூபாயை மட்டும்தான். முப்பத்தைந்து வருடம் உழைத்தவருக்கே மாதம் ஏழாயிரம், எட்டாயிரத்தைத் தாண்டாது. அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. பதினைந்து வயது இளையவர் என்பதால் அந்தப் பாதியோடு நீங்கள் நெடுங்காலம் இருக்க வேண்டி வரலாம். கசப்பான பேச்சுதான், ஆனால் பேசியாக வேண்டும். அவருடைய டெர்ம் பாலிசி எந்த வயதோடு முடிகிறது என்றும் பாருங்கள். பிரம்மச்சாரியாக இருந்தபோது எடுத்தது பெரும்பாலும் 60 வரைதான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு அது 70 வரை வேண்டும்.

குழந்தை விஷயத்தில் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. பெண்ணுக்கு 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே. நம் ஊரில் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆன பிறகுதான் ஆண் ஞாபகத்துக்கு வருவார். விந்துப் பரிசோதனை சுலபம், செலவும் குறைவு. அவர் வயதுக்கு அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆணுக்கும் வயதோடு விந்தின் தரம் இறங்கும். சோதனைக்குழாய் முறைக்கே போக வேண்டி வந்தால், 2021 சட்டப்படி ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி. எட்டு வருடம் இருக்கிறதே என்று அவர் நினைக்கலாம். உங்கள் கருமுட்டைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

அந்தத் தூக்கம் வயதால்தான் என்று நான் நம்பவில்லை. 47 அவ்வளவு பெரிய வயதில்லை. ஏழு மணி நேரம் தூங்கியும் காலையில் அசதியோடு எழுகிறாரா, குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி வருகிறதா, மதியம் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றால் அது அவர் சுபாவம். தோழிகளோடு போய்விட்டு வாருங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி மாமியார். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பின் ஆள் கூடவே இருக்க வேண்டியது பெரும்பாலும் முதல் மூன்று மாதம். பிசியோதெரபி ஒழுங்காக நடந்தால் வாக்கர் பிடித்து நடமாடுவார். இந்த வயதில் பழைய நடை முழுதாகத் திரும்பாமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். இந்த மூன்று மாதத்துக்காக இருபத்தாறு வருட வருமானத்தை விடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பகலுக்கு ஓர் ஆள் வையுங்கள், சம்பளத்தை உங்கள் கணவர் கொடுக்கட்டும். நீங்கள் கொஞ்ச நாள் லீவு போடுங்கள், அவரும் போடட்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டம்கூடப் பொறுப்பை மகன், மகள், பேரப்பிள்ளைகள் மேல்தான் வைத்தது. மருமகள் அந்த வரிசையில் இல்லை. பெருந்துறையிலிருந்து ஈரோடு பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி நேரம்தானே. வாரத்தில் இரண்டு நாள் வந்து தங்கும்படி தங்கையிடம் அவர்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் அது சண்டையாகும்.