மாடியும் கீழும் ஒரே வைஃபை: மாலையில் மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை. ஏழு மணிக்கு மேல் என் கணவரின் ஆபீஸ் வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது. அப்போது யாரும் படம்கூடப் பார்ப்பதில்லை. காலையில் ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோட் 38, அப்லோட் 9 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பிறகு ஏன் இப்படி?

பதில்: அந்த 9-ஐத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் போனைச் சார்ஜில் போடுகிறார்கள். போன் வைஃபையைப் பிடித்ததும், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்ற ஆரம்பிக்கிறது. திரை அணைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போய்வந்த ஒருவர் போனில் 5 ஜிபி வீடியோ இருக்கிறது என்றால், 9 எம்பிபிஎஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஏறி முடிய சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதுவரை ரௌட்டரில் அப்லோட் வரிசை நிரம்பியே இருக்கும். உங்கள் கணவரின் குரலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். டவுன்லோடும் தப்பாது. வந்த தகவலுக்கு 'கிடைத்தது' என்று நம் பக்கமிருந்து பதில் போனால்தான் அடுத்தது வேகமாக வரும். அந்தப் பதிலும் வரிசையில் மாட்டிக்கொள்கிறது.

உறுதி செய்ய, கால் திணறும்போது லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் முகவரி உங்கள் ரௌட்டருடையது, இரண்டாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வருடையது. உங்கள் ரௌட்டரின் முகவரி வேறாக இருந்தால் பெரும்பாலும் அதன் அடியில் ஒட்டியிருக்கும். பதில் வர எடுக்கும் நேரம் முதலாவதில் சில மில்லிசெகண்டாகவே இருக்க, இரண்டாவதில் 20, 30-லிருந்து பல நூறுக்குத் தாவினால் வரிசை நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து விலக்குங்கள். எதை விலக்கியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் காரணம். முதலாவதே தாவினால் பிரச்சினை வேறு: பெரும்பாலும் மாடிக்குச் சிக்னல் சரியாக வரவில்லை.

சரி, எந்தப் போன் என்று தெரிந்துவிட்டது. பேக்கப்பையே நிறுத்தச் சொல்லாதீர்கள். போன் தொலைந்தால் படங்களும் போய்விடும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் செட்டிங்கில் Treat as metered என்று வைத்து, போட்டோஸில் மொபைல் டேட்டா பேக்கப்பையும் அணைத்துவிட்டால், பெரும்பாலான போன்களில் பேக்கப்பும் ப்ளே ஸ்டோர் ஆட்டோ அப்டேட்டும் நின்றுவிடும். படுக்கப் போகும்போது பழையபடி மாற்றி வைத்தால் ராத்திரியில் ஏறிவிடும்.

தினமும் மாற்றுவது கீழ் வீட்டாருக்குத் தொல்லைதான். உங்கள் ரௌட்டரில் Bandwidth Control அல்லது QoS இருந்தால், அந்தப் போனின் அப்லோடுக்கு 4 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வையுங்கள். பேக்கப் மெதுவாக நடக்கும், கால் தடைபடாது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரௌட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்போது ராத்திரி பேக்கப்தான் வழி.

எல்லாப் போனையும் விலக்கிய பிறகும் இரண்டாவது எண் இறங்கவில்லையா? லேப்டாப்பிலேயே ஒன்ட்ரைவ், விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் Network பகுதியைப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் லைனில் கோளாறு இருக்கலாம். அந்த எண்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கம்பெனியில் புகார் கொடுங்கள்.