முழு ஸ்பிளிட்டுக்கு எத்தனை மாதம்?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. ‘முப்பது நாளில் ஸ்பிளிட்’ என்ற வீடியோவைப் பார்த்து, தினமும் 45 நிமிடம் கால்களை முன்னும் பின்னுமாக நீட்டிப் பயிற்சி செய்து வருகிறேன். வலது காலை முன்னால் வைக்கிறேன். தொடங்கியபோது இடுப்புக்கும் தரைக்கும் இடையே 32 செ.மீ. இருந்தது. ஒரே மாதத்தில் 22 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக ஒரு செ.மீ. கூட இறங்கவில்லை. இப்போது அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது புட்டத்துக்கு அடியில், ஒரே இடத்தில், வலிக்கிறது. பயிற்சியை இரண்டு வேளையாக்கலாமா? உண்மையில் எத்தனை மாதம் ஆகும்? எனக்கு வயது தாண்டிவிட்டதா?

கீதா

அன்புள்ள கீதா,

இரண்டு வேளையாக்க வேண்டாம். இப்போது செய்யும் ஒரு வேளையையே வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வலி. மரப் பெஞ்சில் உட்காரும்போது அழுந்துமே, புட்டத்துக்கு அடியில் இருக்கும் அந்த எலும்பு, அங்கேதான் தொடையின் பின்தசைகள் தசைநாணாகக் குறுகி ஒட்டிக்கொள்கின்றன. இடுப்பை மடக்கிக் காலை நீட்டும்போது அந்தத் தசைநாண் இழுபடுவது மட்டுமல்ல, எலும்பின் மேல் அழுந்தவும் செய்கிறது. தினமும் 45 நிமிடம், மூன்று மாதம் அப்படி அழுத்தினால் அது முறையிடத்தான் செய்யும். தொடையின் நடுவில் இழுப்பது போன்ற வலி என்றால் நான் கவலைப்பட மாட்டேன். விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், எலும்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கூடுகிற வலி வேறு வகை. யோகா கற்றுக்கொள்பவர்களிடமும் நடனமாடுபவர்களிடமும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

ஆகவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்காலை நீட்டும் பயிற்சி எதுவும் வேண்டாம். குனிந்து கால்விரலைத் தொடுவதும் அதில் சேர்த்திதான். ஆனால் முழு ஓய்வும் தசைநாணுக்கு உதவாது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பைத் தூக்கி முப்பது, நாற்பது விநாடி நிறுத்துங்கள். நான்கைந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருக்கக் கூடாது. எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அந்த மறுநாள் காலைதான் அளவுகோல். கால் மரத்துப்போனாலோ, மின்சாரம் பாய்வது போல் கணுக்கால் வரை ஓடினாலோ, அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அப்போது பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள். எட்டு வாரத்தில் வலி அசையவில்லை என்றாலும் அப்படித்தான்.

இனி, ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருகிறேன். உங்கள் 22 செ.மீ. நின்றுபோனதற்கும் இந்த வலிக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன்.

ஸ்பிளிட் என்றால் ஒரு கால் முன்னால் 90 டிகிரி, ஒரு கால் பின்னால் 90 டிகிரி என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். உடல் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் ஒருவர் முதுகை வளைக்காமல் காலைப் பின்னால் தூக்கினால் 15, 20 டிகிரிதான் போகும். அதற்கு மேல் இடுப்பு மூட்டின் முன்புறத்துத் தசைநார் விடாது. உடலிலேயே மிக உறுதியான தசைநார் அது. அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? இடுப்புக் கூடே முன்னால் சாய்கிறது, கீழ்முதுகு பின்னால் வளைகிறது, அந்தச் சாய்வை ஈடுகட்ட முன்கால் 90 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் மடங்குகிறது. பின்கால் தராத ஒவ்வொரு டிகிரியையும் முன்காலின் பின்தசைதான் கொடுக்க வேண்டும்.

நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவருக்கு இடுப்பின் முன்புறத் தசைகள் பெரும்பாலும் இறுகியே இருக்கும். உங்கள் பின்கால் பத்து டிகிரியோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். காலின் நீளத்தை 80 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், 22 செ.மீ. உயரத்தில் கால்களுக்கு இடையே சுமார் 148 டிகிரி இருக்கும். 180க்குப் பாக்கி 32 டிகிரி. அந்த 32ஐயும் வலது பின்தசையிடமே மூன்று மாதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பின்கால் இன்னும் பத்து டிகிரி விட்டுக்கொடுத்தால் இடுப்பு ஏறக்குறைய ஏழு செ.மீ. இறங்கிவிடும், முன்காலைத் தொடாமலே.

இது ஊகமா உண்மையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உறுதியான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து அப்படியே மல்லாந்து படுங்கள். வலது முழங்காலை இரு கைகளாலும் மார்போடு அணைத்து, கீழ்முதுகு மேசையில் படியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இடது காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். தொடை மேசை மட்டத்துக்கு வந்து, முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாகத் தொங்கினால் பின்காலில் குறையில்லை, நான் சொன்னது தவறு. தொடை மேசையை விட்டு எழும்பி நின்றால் இடுப்பை மடக்கும் ஆழ்ந்த தசை இறுக்கம். தொடை இறங்கினாலும் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால், தொடையின் முன்தசை இறுக்கம். பிசியோதெரபிஸ்டுகள் காலங்காலமாகச் செய்யும் சோதனைதான் இது.

வலி ஆறும் இந்த எட்டு வாரம் பின்காலுக்கு உரியதாக இருக்கட்டும். இடது முழங்காலை மடித்த போர்வையில் ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து நில்லுங்கள். பெரும்பாலானோர் உடனே இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளைப்பார்கள். நன்றாக நீள்வது போல் தோன்றும், ஆனால் நீள்வது கீழ்முதுகுதான். தள்ளுவதற்கு முன்பு இடது புட்டத்தை இறுக்கி, வால் எலும்பைக் கீழ்நோக்கிச் சுருட்டுங்கள். அப்படிச் செய்தாலே, ஓர் அங்குலம்கூட நகராமல், இடுப்பின் முன்புறம் இழுப்பது தெரியும். அந்த நிலையில் முப்பது விநாடி இருங்கள். பிறகு இடது முழங்காலால் போர்வையை முன்னோக்கி இழுப்பது போல் ஏழெட்டு விநாடி அழுத்துங்கள். போர்வை நகரக் கூடாது. அழுத்தத்தை விட்டதும் கொஞ்சம் ஆழமாக இறங்கும், அங்கே இன்னொரு முப்பது விநாடி. இதை மூன்று முறை செய்தால் ஒரு சுற்று, ஒரு காலுக்கு இரண்டு சுற்று. மேசைச் சோதனையில் தொடையின் முன்தசைதான் சிக்கல் என்று தெரிந்தால், இதே நிலையில் பின்காலைச் சுவரில் சாய்த்து வைத்துச் செய்ய வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால், மேலே சொன்னது போன்ற கடினப் பயிற்சி மூன்று நாள், ஒன்றுக்கொன்று இடையே ஒரு நாளாவது இடைவெளி விட்டு. எட்டு, பத்து நிமிடம் வேகமாக நடந்தோ படி ஏறியோ உடலைச் சூடாக்கிய பிறகு அரை மணி நேரம் போதும். மற்ற நாட்களில் ஐந்து நிமிடம், பாதி ஆழத்தில், வலியே இல்லாமல். ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் ஐந்து நிமிடமாவது நீட்சி கிடைக்க வேண்டும் என்பது ஆய்வுகளில் தெரிந்த குறைந்த அளவு. உங்கள் பழைய கணக்கு அதைப் போல் பல மடங்கு. தினமும் எல்லை வரை போகிறவர்களுக்கு அந்த எல்லையே ஆறாமல் கிடக்கிறது.

முதல் மாதத்தில் பத்து செ.மீ. இறங்கியதை நீங்கள் வேகமென்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த வீடியோக்கள் பிழைப்பதும் அந்த முதல் மாதத்தை நம்பித்தான். 1996இல் டென்மார்க்கில் ஒரு காலுக்கு மட்டும் மூன்று வாரம் நீட்சிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் முன்பைவிட அதிகம் போனது. ஆனால் பழைய கோணத்தில் நிறுத்தி அளந்தபோது தசை காட்டிய எதிர்ப்பு மாறவே இல்லை. தசை இளகவில்லை, இழுப்பைத் தாங்கும் பழக்கம்தான் கூடியிருந்தது. அந்தச் சலுகை சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு வேண்டியது அந்த ஆழத்தில் பலம், அது மாதக்கணக்கில்தான் வரும்.

உங்கள் கணக்கைச் சொல்கிறேன், இது நான் பார்த்தவர்களை வைத்துச் சொல்வது. எட்டு வாரம் கழித்து வலி இல்லையென்றால் மறுபடி அளங்கள். 17, 18இல் இருக்கலாம். அதன் பிறகு முன்காலையும் சேர்த்து, இரு பக்கமும் யோகா பிளாக்குகளில் கையை ஊன்றி, பாரத்தைத் தாங்கியபடி இறங்குங்கள். மாதத்துக்கு ஒரு செ.மீ. குறைந்தால் நல்ல வேகம். பத்துக்குக் கீழே அதுவும் மந்தமாகும். எல்லாம் சேர்த்து இரண்டு வருடம், கொஞ்சம் கூடலாம். பத்து செ.மீ.யில் தொடங்குபவர் உங்களுக்கு முன்பே உட்கார்ந்துவிடுவார், அவரோடு ஒப்பிட வேண்டாம். 34 வயது இதற்குத் தடையல்ல. ஐம்பதில் தொடங்கி உட்கார்ந்தவர்களையும் அறிவேன், அவர்கள் யாரும் அவசரப்பட்டவர்கள் இல்லை.

அளப்பதிலும் ஒரு விஷயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே அளவு சூடாக்கிய பிறகு அளங்கள். காலையில் இரண்டு மூன்று செ.மீ. அதிகம் காட்டும். அளக்கும்போது பின்காலின் முழங்கால் சில்லு தரையைப் பார்க்க வேண்டும், இடுப்பின் இரு முன்னெலும்புகளும் நேர் முன்னால் பார்க்க வேண்டும். இடுப்பை இடது பக்கம் திறந்துவிட்டால் நான்கைந்து செ.மீ. உடனே குறையும், அந்த எண்ணை எழுதி வைக்காதீர்கள். முன்னால் இருந்து ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேசைச் சோதனையில் இரண்டு கால்களும் எப்படித் தொங்கின என்று எழுதுங்கள். இடது கால் முன்னால் வைக்கும்போது எத்தனை செ.மீ. என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதை நீங்கள் சொல்லவே இல்லை.