ஸ்னாப்ஷாட்: இருபது லட்சம் ஈவென்ட்டையும் மறுபடி ஓட்டாமல் இருக்க

கேள்வி: ஈவென்ட் சோர்சிங்கில் வாலெட் போன்ற ஓர் அக்ரிகேட்டை லோட் செய்ய ஒவ்வொரு தடவையும் பழைய ஈவென்ட் எல்லாவற்றையும் ஓட்டணுமா? ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

வேண்டியதில்லை. ஈவென்ட் சோர்சிங்கில் 'பணம் போட்டார்', 'பணம் எடுத்தார்' என்று நடந்தவை மட்டுமே வரிசை எண்ணோடு சேமிக்கப்படும். இன்றைய இருப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து கணக்கிட வேண்டும். குறிப்பிட்ட ஓர் எண் வரை கணக்கிட்ட நிலையை, அந்த எண்ணோடு சேர்த்து எடுத்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். கடைக்காரர் புதுப் பேரேட்டின் முதல் வரியில் 'முன் இருப்பு' எழுதுவாரே, அதேதான்.

ஒரு வணிகரின் வாலெட்டில் 20,00,340 ஈவென்ட்கள் இருப்பதாக வையுங்கள். 20,00,000-ஆவதில் எடுத்த ஸ்னாப்ஷாட்டைப் படித்து, மிச்சமுள்ள 340-ஐ மட்டும் அதன்மேல் ஓட்டினால் போதும். எண்ணைத் தப்பாகக் குறித்தால் வம்பு: சில ஈவென்ட்கள் இரண்டு முறை சேரும், அல்லது விட்டுப்போகும். (சில நூறு ஈவென்ட்களே உள்ள அக்ரிகேட்டுக்கு இந்த வேலையே பெரும்பாலும் தேவையில்லை.)

நிரலை மாற்றும்போதுதான் உண்மையான சிக்கல். வாலெட்டில் 'முடக்கிய தொகை' என்று புதுப் புலம் சேர்த்தால், பழைய ஸ்னாப்ஷாட்டில் அது இருக்காது. பிழைச் செய்திகூட வராமல் பூஜ்யமாகவே நிற்கக்கூடும். ஆகவே ஸ்னாப்ஷாட்டில் வடிவ எண் ஒன்றும் வையுங்கள். பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்டிப் புதிதாக எடுங்கள்.

ஸ்னாப்ஷாட்தான் இருக்கிறதே, பழைய ஈவென்ட்களை அழித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அழித்தால் இந்த மறுகணக்குக்கு வழியே இருக்காது, ஏனெனில் மூலப் பதிவு ஈவென்ட்கள்தான், ஸ்னாப்ஷாட் வேகத்துக்காக எடுத்து வைத்த தற்காலிக நகல் மட்டுமே.