ஓட்டை டேங்கி கணக்கு: 2 ஏன் வராது

"போட்டோல உள்ள 7வது கணக்கு: பைப்பு 6 மணி நேரத்துல டேங்கிய நிரப்பும், அடியில ஓட்டை இருக்கறதால 8 மணி நேரம் ஆகுது, ஓட்டை மட்டும் முழு டேங்கிய எவ்ளோ நேரத்துல காலி பண்ணும்? எனக்கு 2 வருது, ஆன்சர்ல 24."

24தான் சரி. நீங்க 8லேருந்து 6 கழிச்சிருப்பீங்க, ஆனா நேரத்தைக் கழிக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துல எவ்ளோ தண்ணிங்கறதத்தான் கழிக்கணும்.

டேங்கி 24 வாளி புடிக்கும்னு வெச்சுக்குங்க, 6க்கும் 8க்கும் பொதுவா வகுபடற எண் அது. பைப்பு மணிக்கு 4 வாளி ஊத்துது, ஆனா டேங்கில ஏறுறது 3தான், அப்ப ஓட்டையில போறது மணிக்கு 1, அதனால 24 வாளி போக 24 மணி நேரம்.

1/6 − 1/8 = 1/24

சரி பாக்க, 8 மணி நேரத்துல உள்ள வந்தது 32, வெளிய போனது 8, மிச்சம் 24. உங்க 2 சரின்னா ஓட்டையில மணிக்கு 12 வாளி போகணும், பைப்பு ஊத்துறதே 4, அப்புறம் டேங்கி நிரம்பவே நிரம்பாது.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, போட்டோல அந்த வரி மடிப்புல மங்கலா இருக்கு. "8 மணி நேரம் கூடுதலா"ன்னு இருந்தா மொத்தம் 14 ஆயிடும், விடை 10½ வரும். ஆன்சர் 24ன்னு இருக்கறதால இங்க மொத்தமே 8தான்.

நம்ம தோட்டத்து லயத்துல இருக்கற நெசமான டேங்கில தண்ணி கொறையக் கொறைய ஓட்டையில வேகமும் கொறையும், கணக்குல அது கடைசி வரைக்கும் ஒரே வேகம்.