238 ஜிபி காட்டும் மெமரி கார்டு, பத்தே நாளில் வெளுக்கும் முகம்

கேள்வி: ரிச்சி தெருவில் 256 ஜிபி மெமரி கார்டு 600 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டரில் 238 ஜிபி என்றுதான் காட்டுகிறது. போலியா? அதே கடையில் ஒரு சார்ஜரும் வாங்கினேன். என் தங்கை ஆன்லைனில் பாதி விலைக்கு வெளிநாட்டு முகக் கிரீம் ஒன்று வாங்கிப் போடுகிறாள். பத்தே நாளில் முகம் நன்றாக வெளுத்துவிட்டது. பெட்டிகளைப் பார்த்தால் எல்லாமே ஒரிஜினல் போலத்தான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் தங்கையை அந்தக் கிரீமை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மெமரி கார்டுக்கு வருவோம். 238 என்று காட்டுவதில் தப்பு எதுவும் இல்லை. கார்டு தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் ஒரு ஜிபிக்கு சுமார் 107 கோடி பைட் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் நல்ல 256 ஜிபி கார்டும் 238 என்றுதான் தெரியும். ஆனால் அந்த எண்ணை வைத்து கார்டு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 32 ஜிபி சிப்பை உள்ளே வைத்து, 256 என்று பொய் சொல்லும்படி, கார்டின் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கன்ட்ரோலரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஃபார்மேட் செய்தாலும் அது 256 என்றே சாதிக்கும்.

இந்த ஏமாற்று பல மாதம் வெளியே தெரியாது. முதல் 32 ஜிபி வரை போட்டோ, வீடியோ எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதைத் தாண்டிய பிறகும் ஃபைலின் பெயர் தெரியும், அளவும் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் வராது. சில கார்டுகளில் புதிய படங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டு, முன்பு நன்றாக இருந்தவையும் போய்விடும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கிய அன்று நான்கு போட்டோ எடுத்துப் பார்ப்பது சோதனையே இல்லை.

கார்டை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டில் உள்ளதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கார்டை ஃபார்மேட் செய்து, இதைத் திறந்து, கார்டைத் தேர்வுசெய்து, all available space, Write + Verify என்று கொடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் F3 நிறுவிக்கொண்டு இப்படிக் கொடுக்கலாம் (பாதை உங்கள் கார்டுக்கு ஏற்றபடி மாறும்):

```
f3write /media/user/CARD/
f3read /media/user/CARD/
```

பொறுமை வேண்டும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் 256 ஜிபி நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகும், திரும்பப் படிக்கவும் ஏறக்குறைய அதே நேரம். இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். நல்ல கார்டு என்றால் காலையில் Test finished without errors என்று இருக்கும். போலி என்றால் The media is likely to be defective என்று வரும். அதன் கீழே எத்தனை ஜிபி OK, எத்தனை ஜிபி DATA LOST என்றும் பிரித்துக் காட்டும். OK என்ற இடத்தில் 29 ஜிபி சுமார் என்று வந்தால், உள்ளே இருப்பது 32 ஜிபி சிப். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள், கடைக்காரரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. வேகம் குறைவாகக் காட்டினால் மட்டும் உடனே கார்டைக் குறை சொல்லாதீர்கள். பழைய கார்டு ரீடர் போட்டாலும் வேகம் இறங்கும்.

சார்ஜருக்கு இவ்வளவு வேலை இல்லை. இந்தியாவில் விற்கும் மொபைல் சார்ஜருக்கு, பொருள்களின் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸில் பதிவு கட்டாயம். சார்ஜரின் உடம்பிலேயே பிஐஎஸ் முத்திரையும், R- என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட எண்ணும் இருக்க வேண்டும். BIS Care என்ற அரசு செயலியில் அந்த எண்ணை அடியுங்கள். தயாரித்தவர் பெயர், பிராண்டு, பொருள் எல்லாம் வரும். கையில் இருப்பது சார்ஜர், செயலியில் வருவது வேறு கம்பெனியின் எல்இடி விளக்கு என்றால் முடிவு தெரிந்துவிட்டது. எண்ணே இல்லாவிட்டால் பயன்படுத்தாதீர்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு: ஒரிஜினல் சார்ஜரின் எண்ணை அப்படியே நகலெடுத்து அச்சடித்திருந்தால் செயலியிலும் சரி என்றே வரும். சும்மா போட்டாலே கை வைக்க முடியாத அளவு சுட்டால், எண் என்ன சொன்னாலும் கழற்றி வைத்துவிடுங்கள்.

இனி கிரீம். பாதி விலை என்பது மட்டும் போலிக்குச் சாட்சி ஆகாது, காலாவதி நெருங்கும் சரக்கை நிஜமாகவே தள்ளுபடியில் விற்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டில் செய்து இங்கே விற்கும் அழகுசாதனத்தில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், ரூபாயில் எம்ஆர்பியும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். பதிவு எண்ணுக்கு முன்னால் RC என்று இருக்கும். இங்கேயே தயாரித்தது என்றால் அதற்குப் பதில் உற்பத்தி உரிம எண் இருக்கும். இது எதுவுமே இல்லாவிட்டால் அந்தப் பொருள் இங்கே விற்கவே அனுமதி இல்லாதது. ஒரிஜினலாகவே இருந்தாலும் சரி, கள்ளத்தனமாக வந்ததுதான்.

அடுத்து, பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிஜமான காலி அட்டைப்பெட்டியில் வேறு டப்பாவை வைத்து விற்பவர்கள் இங்கே அகப்படுவார்கள். பேட்ச் எண்ணை இணையதளத்தில் அடித்து தேதி பார்ப்பதை நம்ப வேண்டாம், நகலெடுத்த எண்ணுக்கும் அது தேதி சொல்லும். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணை வழங்கியது இந்தியாவில் உள்ள பார்கோடு அமைப்பு என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது, பத்தே நாளில் முகம் வெளுத்தது என்று நீங்கள் எழுதியதுதான். அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசமோ, லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசத்தைக் கண்ணாலோ வாசனையாலோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-இல் கேரளத்தின் கோட்டக்கல்லில், இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டி பாதித்து, சிறுநீரில் புரதம் போவதை மருத்துவர்கள் கண்டார்கள். தங்கைக்குக் கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் டாக்டரிடம் கிரீமைக் காட்டி, சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனை எடுத்துவிடுங்கள், செலவு குறைவுதான். தேவைப்பட்டால் அவரே பாதரச அளவுக்கும் எழுதித் தருவார். நிறுத்திய பிறகு முகம் சிவந்து எரிந்தாலும் அதே கிரீமுக்குத் திரும்பக் கூடாது. அது ஸ்டீராய்டை விட்டதால் வருவதாக இருக்கலாம், தோல் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

பணம் திரும்ப வேண்டுமானால், ஆர்டர் பக்கத்தில் விற்றவரின் பெயரையும் முகவரியையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு அந்தப் பக்கம் காணாமல் போகலாம். பொருள் போலி என்ற காரணத்தைக் குறிப்பிட்டே ரிட்டர்ன் கேளுங்கள். விற்பனைத் தளம் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதி. இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஆனால் டப்பாவை முழுவதும் திருப்பி அனுப்பிவிடும் முன், மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். அழகுசாதனமும் அவர்கள் பொறுப்புதான், மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு. ரிச்சி தெருக் கடையில் பில் வாங்கியிருந்தால் கார்டுக்கும் இதே 1915 தான். பில் இல்லை என்றால் சோதனைப் படத்தோடு நேரில் போய் மாற்றிக் கேட்பது ஒன்றே வழி, அதையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.