ஈமெயிலின் அடியில் என்ன போடுவது?

"சேர், நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் ஒஃபிசில் வேலை செய்கிறேன். யாருக்கு ஈமெயில் அனுப்பினாலும் கடைசியில் 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்', இல்லாவிட்டால் 'சின்சியர்லி'. வேறொன்றும் தெரியாது. கூட வேலை செய்கிறவர்களுக்கு, கொழும்பில் இருக்கிற மேலதிகாரிகளுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு வேறு வேறாக என்ன போடலாம்?" – வாசகி, உப்புவெளி

பிள்ளை, ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஈமெயிலின் கடைசி வசனத்தைப் பாருங்கள். அதில் நீங்கள் எதையாவது கேட்டிருந்தால் நன்றியோடு முடியுங்கள். ஒன்றும் கேட்காமல் தகவலோ கோப்போ மட்டும் அனுப்பினால் 'கைண்ட் ரிகார்ட்ஸ்' போதும். ஆளுக்கு ஆள் மாறுவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஹோட்டலில் ஓர் அறையின் ஏசி பழுது என்று வையுங்கள். அந்த ஒரு விஷயத்துக்கே மூன்று ஈமெயில் போகும். முதலாவது, திருத்துகிற கொம்பனிக்கு. அங்கே யார் வாசிப்பார் என்று தெரியாது, 'டியர் சேர் ஓர் மேடம்' என்றுதான் தொடங்குவீர்கள். அப்படித் தொடங்கினால் முடிவு இது:

```
We would be grateful for your quotation by Friday.

Yours faithfully,
```

பெயர் தெரிந்து 'டியர் மிஸ்டர்' போட்டு அவர் பெயரோடு தொடங்கியிருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரித்தானிய வழக்கம், நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தந்ததும் அதுதான். அமெரிக்கர்கள் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 'சின்சியர்லி' என்றே முடிப்பார்கள். அதனால் நீங்கள் இதுவரை போட்டது பிழையில்லை, அறை கேட்டு எழுதும் வெளிநாட்டுக்காரருக்குச் சற்று விறைப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அவருக்கு 'கைண்ட் ரிகார்ட்ஸ்' இதமாக இருக்கும். வந்து தங்கிப் போன பிறகு எழுதினால் 'வோர்ம் ரிகார்ட்ஸ்' போடலாம். முகம் பார்க்காத ஒருவருக்கு அது கொஞ்சம் அதிகம். எதைப் போட்டாலும் முதற்சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து, கடைசியில் ஒரு கமா.

இரண்டாவது, கொழும்பில் இருக்கிற கணக்காளருக்கு. அவரிடம் அனுமதி வேண்டும்:

```
May I have your approval by Thursday? The technician
will be in Trincomalee only on Friday.

Thank you,
```

இங்கேதான் எல்லோரும் 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்று போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அனுமதி தருவதா இல்லையா என்று அவர் யோசிக்கும் முன்பே, தந்துவிட்டீர்கள் என்று முடித்துவிடுகிறது அது. பூமராங் என்ற மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனம் 2017இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல் தொடர்களை அலசியபோது, நன்றி சொல்லி முடித்தவற்றுக்கே கூடுதலாகப் பதில் வந்திருந்தது. அதில் முதலிடம் இந்த 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்'தான். ஆனால் அவை பொது மடற்குழுக்களில் சமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்டு எழுதியவை. கையெழுத்து வைக்கிற அதிகாரம் உள்ளவரிடம் அந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். 'தேங்க் யூ' போதும். ஏற்கெனவே ஒரு தடவை உதவியவர் என்றால் 'மெனி தேங்க்ஸ்'. 'தேங்கிங் யூ இன் அன்டிசிபேஷன்' என்பதைத் தாத்தா காலத்துக் கடிதங்களோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஸ்டோர்ஸில் இருக்கிற உங்கள் கூட்டாளிக்கு:

```
Can you send me the serial number of the AC in Room 12?

Thanks,
```

அதற்குக் கீழே உங்கள் பெயர் மட்டும். அவர் பதில் போட்டு, நீங்கள் திரும்பப் பதில் போடும்போது முடிப்புச் சொல்லே வேண்டாம். ஒரே நாளில் ஐந்து தரம் 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' வாங்குகிற ஆளுக்குச் சலித்துப்போகும். வெறும் 'ரிகார்ட்ஸ்' மட்டும் போடுவது முறைப்பாட்டு ஈமெயிலுக்குச் சரி, கூட்டாளிக்குப் போட்டால் கோபமோ என்று நினைப்பார்.

இவ்வளவும் செய்தும் ஒரு பொறி மிஞ்சும். உங்கள் ஒஃபிஸ் ஈமெயிலில் யாரோ முன்பே தானியங்கிக் கையொப்பம் போட்டு வைத்திருப்பார்கள், அதற்குள்ளேயே 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' இருக்கும். நீங்கள் 'தேங்க் யூ' என்று முடிக்க, கீழே இன்னொரு முடிவு ஒட்டிக்கொண்டு போகும். உங்களுக்கே ஓர் ஈமெயில் அனுப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஜிமெயில் என்றால் கணினியில் பல்சக்கரத்தை அமத்தி `See all settings`, பிறகு `General`, அதில் `Signature`. அங்கே பெயர், பதவி, தொலைபேசி இலக்கம் மட்டும் விட்டு மிச்சத்தை அழியுங்கள். பக்கத்தின் அடியில் இருக்கிற `Save Changes` அமத்தாவிட்டால் பழையது அப்படியே நிற்கும். கைபேசியில் `Mobile Signature` என்று தனியாக இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசம், கொமினிகேஷன் கடைகள். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளிடம் 'ஈமெயில் மாதிரி' என்று காசு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். 'டியர் மேடம்' என்று தொடங்கி 'யுவர்ஸ் லவிங்லி' என்று முடிந்த வேலை விண்ணப்பம் ஒன்று என் கைக்கே வந்திருக்கிறது. அது போகட்டும், சிலர் கடையின் சொந்த முகவரியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். உங்கள் பெயருக்குக் கீழே கடையின் பெயர், போட்டோகொப்பி விலை எல்லாம் போகும். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தாலும் அது கடைக்காரரின் பெட்டியில் கிடக்கும், கேட்கப் போனால் அதற்கும் ஒரு காசு. வேறு சிலர் உங்களுக்கென்று கணக்குத் திறந்து தந்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தங்கள் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தவுடன் அதை மாற்றுங்கள். கணக்கை மீட்கிற தொலைபேசி இலக்கம் உங்களுடையதா என்றும் பாருங்கள், அது அவருடையது என்றால் நீங்கள் மாற்றிய கடவுச்சொல்லை அவர் திரும்ப மாற்றிவிடலாம்.

ஒரு விலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்கோ மாகாண சபைத் திணைக்களத்துக்கோ எழுதும்போது இந்த ஆங்கில முடிவுகள் ஒன்றும் வேண்டாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியிருந்தும் திருகோணமலைக்குள்ளேயே ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்கு உடைந்த ஆங்கிலத்தில் எழுதி, அதை அவர் தமிழாக்கி மேலே அனுப்புகிற கூத்து நடக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் கோப்பு நகரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 'ஐயா' அல்லது 'அம்மணி' என்று தொடங்கி, 'நன்றி' என்று ஒரு வரி விட்டு, 'இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள' என்று முடியுங்கள். யார் என்று தெரியாவிட்டால் 'ஐயா/அம்மணி'. அதன் கீழே முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. தனியார் கொம்பனிக்கு அடையாள அட்டை இலக்கத்தை அனுப்பாதீர்கள், இங்கே மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் அதைக் கேட்டே இன்னொரு கிழமை போகும். ஈமெயில் கிடைத்த பிறகும் "கையொப்பத்தோடு பிரதியைக் கொண்டு வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். அதனால் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் எடுத்து ஈமெயிலோடு இணைத்துவிடுங்கள். மூலப்பிரதி உங்கள் பையில் இருக்கட்டும்.