ஸ்கிரீன்ஷாட்டை ஆவணமாக அனுப்பினால் மட்டும் எழுத்து தெளிவாக இருப்பது ஏன்?

“என் போனில் தெளிவாக இருக்கும் ஸ்கிரீன்ஷாட், அனுப்பியதும் படிக்க முடியாமல் மங்கிவிடுகிறது. ஏன்?”

படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் போன்ற செயலி அதைச் சுருக்குகிறது; அதாவது, டேட்டாவை மிச்சப்படுத்தப் படத்தின் புள்ளிகளைக் குறைத்து, நுண்ணிய விவரங்களை நீக்குகிறது. முகமோ மலையோ என்றால் இழப்பு தெரியாது, நிறங்கள் அங்கே மெல்ல மாறுகின்றன. எழுத்துக்கு உயிரே கூர்மையான விளிம்புதான். முதலில் அடிபடுவதும் அதுவே.

நீண்ட உரையாடலை உருட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் 1080 புள்ளி அகலம், 9600 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நீளமான பக்கத்தை 1600க்குள் அடக்கும் செயலி அதை ஆறில் ஒரு பங்காக்கும். அகலம் 180 ஆகிவிடும். 30 புள்ளி உயர எழுத்துக்கு மிஞ்சுவது ஐந்து புள்ளி. அதில் ‘கி’, ‘கீ’ வேறுபாடு எப்படித் தெரியும்? ஒரு பக்கத்தைத் தபால்தலை அளவுக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலைப் பெரிதாக்கிப் படிக்க முயல்வது போன்றதுதான் இது.

ஆவணமாக அனுப்பினால் செயலி கோப்பைத் தொடுவதில்லை, ஒட்டிய உறையைப் போல அப்படியே சேர்த்துவிடும். இணைப்புக் குறியைத் தொட்டு, கேலரிக்குப் பதிலாக ‘ஆவணம்’ என்பதில் நுழைந்து படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் முதலில் படத்தைக் கோப்புகளில் சேமித்துக்கொள்வது எளிது. அனுப்பும் முன் கோப்பின் அளவைக் குறித்துக்கொண்டால், மறுமுனையிலும் அதே அளவுதானா என்று சரிபார்க்கலாம்.

ஏற்கெனவே மங்கி வந்த படத்தை ஆவணமாக அனுப்பினால் தெளிவு திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பாது, எடுத்தவரிடம் உள்ள மூலப் படத்தையே கேட்டு வாங்க வேண்டும்.